ஒரே குழம்பு, இரண்டு துணி: பருத்தியிலும் பாலியெஸ்டரிலும் எண்ணெய், மஞ்சள் கறை எடுக்கும் முறை

பந்தியில் சாம்பார் வாளி சாய்ந்து வேட்டியிலும் சட்டையிலும் ஒரே நேரத்தில் கொட்டுகிறது. வீட்டுக்கு வந்ததும் இரண்டையும் ஒரே பக்கெட்டில், ஒரே சோப்பில் ஊறவைத்துக் கசக்குகிறோம். வேட்டி இரண்டாவது துவைப்பில் வெளுத்துவிடுகிறது. சட்டைப் பையின் மேல் மட்டும் வெளிர்மஞ்சளாய் ஒரு திட்டு மாதக்கணக்கில் நிற்கிறது. பழி சோப்பின் மேல் போகும். உண்மையில் சோப்புக்கு அதில் பங்கு குறைவு. வேட்டி பருத்தி, சட்டை பாலியெஸ்டர் கலந்தது. கறை இரண்டிலும் வெவ்வேறு இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது என்பதால் எடுக்கும் வழியும் வேறு.

இதைக் கண்ணால் பார்க்க, கறை படிந்த துணியில் கை வைப்பதற்கு முன் துண்டுத் துணியில் செய்து பார்ப்பது நல்லது. தையல் கடையில் மிச்சம் விழும் வெள்ளைப் பருத்தி மல் ஒரு துண்டு, வெள்ளை பாலியெஸ்டர் லைனிங் ஒரு துண்டு, இரண்டும் உள்ளங்கை அளவு போதும். புதுப் பருத்தியில் கஞ்சி இருக்கும். அதை முதலில் சுடுநீரில் அலசிக் காயவைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் முடிவு தப்பாக வரும். கறைக்கு 2 டீஸ்பூன் நல்லெண்ணெயில் கால் டீஸ்பூன் மஞ்சள்தூளைப் போட்டு, சிறு தீயில் அரை நிமிடம் சூடாக்கி ஆறவைத்தால் போதும். தாளித்த குழம்பின் மேல் மிதக்கும் எண்ணெய்க்கு இது ஏறக்குறைய சமம்.

கறைக்கு முன் இரண்டு துண்டிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். மல் துணி அதை உடனே குடித்துவிடும். லைனிங் துணியில் சொட்டு முத்து மாதிரி நிற்கும், சாய்த்தால் உருளும். அடுத்து, காய்ந்த இடமாகப் பார்த்து மஞ்சள் எண்ணெயில் ஒவ்வொரு சொட்டு விடுங்கள். இப்போது இரண்டு துணியுமே குடிக்கும். தண்ணீரை ஏற்காத பாலியெஸ்டர் எண்ணெயை மட்டும் எந்தத் தயக்கமும் இல்லாமல் ஏற்றுக்கொள்கிறது. சொட்டு மெல்லிய படலமாக நூலோடு நூலாக ஓடிப் பரவும். மல் துணியில் இன்னொன்றையும் கவனிக்கலாம். மஞ்சள்தூளின் துகள்கள் நடுவில் தங்கிவிட, தெளிந்த எண்ணெய் மட்டும் அதைத் தாண்டி ஒரு வளையமாக ஊறிப் போயிருக்கும். கறை எடுக்கும்போது மஞ்சள் தெரியும் இடத்தை மட்டும் தேய்த்து இந்த வளையத்தை விட்டுவிடுவதால்தான், மஞ்சள் போன பிறகும் இஸ்திரி போட்டதும் ஒரு நிழல் எழும்புகிறது.

பருத்தி இழை செல்லுலோஸ். தண்ணீரோடு ஒட்டும் தன்மை அதன் மூலக்கூறிலேயே இருக்கிறது. சாதாரணக் காற்றில் தொங்கும் பருத்தித் துணியின் எடையில் 8 சதவீதம் வரை ஈரப்பதம் இருக்கும்; பாலியெஸ்டரில் அது அரை சதவீதம்கூட இல்லை. தண்ணீரில் போட்டால் பருத்தி இழை உப்புகிறது, உள்ளே தண்ணீர் நுழைகிறது, தண்ணீரில் கரைந்திருக்கும் மருந்தும் சேர்ந்து நுழைகிறது. பாலியெஸ்டர் இழைக்குள் தண்ணீர் நுழைவதே இல்லை. அதைச் சுற்றி ஓடிவிட்டுப் போய்விடுகிறது. இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் மற்ற எல்லாமே வருகின்றன.

மஞ்சளில் நிறம் தருவது குர்குமின் என்னும் பொருள். 100 கிராம் மஞ்சளில் 2 முதல் 5 கிராம்தான் இருக்கும், ஆனாலும் அது சரியான சாயம். தண்ணீரில் அநேகமாகக் கரையாது. எண்ணெயிலும் ஸ்பிரிட்டிலும் நன்றாகக் கரையும். அதனால் குழம்பு கொட்டும்போது எண்ணெய்தான் வண்டி, குர்குமின் அதில் ஏறி வரும் பயணி. வண்டியை முதலில் அகற்றாமல் பயணியைத் தொட முடியாது. எண்ணெய் மூடியிருக்கும் இடத்தில் பிளீச் ஊற்றினாலும் எலுமிச்சை தேய்த்தாலும் மருந்து நிறத்தைப் போய்ச் சேராது. எந்தத் துணியானாலும் முதல் வேலை எண்ணெய். இது வரைக்கும் இரண்டுக்கும் ஒரே பாதை.

கொட்டிய உடனே செய்ய வேண்டியது, ஸ்பூனின் விளிம்பால் மேலே நிற்கும் குழம்பை வழித்து எடுப்பது. துடைக்கக் கூடாது, துடைத்தால் பரவும். பிறகு டிஷ்யூவை மேலும் கீழும் வைத்து அழுத்தி எடுத்துவிட்டு, முகப் பவுடரையோ சாக்பீஸ் பொடியையோ கறை மேல் கனமாகக் கொட்டி அரைமணி நேரம் விட வேண்டும். பொடி எண்ணெயை உறிஞ்சிக் கட்டியாகும். அதைத் தட்டிவிட்டு, துணியை நனைக்காமல், காய்ந்த நிலையிலேயே பாத்திரம் துலக்கும் லிக்விடை நேராகக் கறை மேல் விட வேண்டும். பத்து ரூபாய் நாணய அளவுக் கறைக்குக் கால் டீஸ்பூன் போதும். முதலில் நனைத்துவிட்டால், குறிப்பாகப் பருத்தியில், இழைகள் தண்ணீரால் நிரம்பி லிக்விட் நீர்த்துப்போகும். விரலால் மெதுவாகத் தடவி, வளையத்தையும் தாண்டி ஒரு விரல் அகலம் வரை கொண்டுபோய், பருத்தியில் 10 நிமிடமும் பாலியெஸ்டரில் அரைமணி நேரமும் விடுங்கள்.

பாலியெஸ்டருக்கு ஏன் மூன்று மடங்கு நேரம்? பருத்தியில் சோப்பு நீர் பட்டதும் தண்ணீரே வேலை செய்கிறது. இழையின் பரப்பைத் தண்ணீர் பிடித்துக்கொள்ள, எண்ணெய்ப் படலம் ஓரத்திலிருந்து சுருண்டு உருண்டையாகி, இழையை விட்டுக் கழன்று மிதக்கும். பாலியெஸ்டரின் பரப்பு தண்ணீரை விரும்பாததால் எண்ணெயை அங்கிருந்து தள்ளிவிட யாரும் இல்லை. சோப்பின் மூலக்கூறுகள் மட்டுமே அந்த வேலையைச் செய்ய வேண்டும். அதற்குச் செறிவும் வேண்டும், நேரமும் வேண்டும், மென்மையான டூத்பிரஷ் கொண்டு நூல் போகும் திசையில் தேய்ப்பதும் வேண்டும். இதற்காகப் பருத்தியைச் சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம். பருத்தி இழை உள்ளே குழாய் போன்றது. வாரக்கணக்கில் விட்ட எண்ணெய் அந்தக் குழாய்க்குள் போய்விடும். அந்த நிலையில் மேலே எவ்வளவு சுத்தமாகத் தேய்த்தாலும், காய்ந்த பிறகு கசிந்து வெளியே வரும்.

அலசும் தண்ணீரின் சூடு எந்த எண்ணெய் என்பதையும் பொறுத்தது. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் எல்லாம் பச்சைத் தண்ணீரிலும் திரவமாக இருக்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழி மாதக் குழாய்த் தண்ணீரில் அலசினால் துணியிலேயே மெழுகாகும். நெய்யும் அப்படித்தான். குளிக்கிற வெந்நீர்ச் சூடு, அதாவது 40 டிகிரி, எல்லா எண்ணெய்க்கும் போதும், பாலியெஸ்டருக்கும் ஆபத்தில்லை. அதற்கு மேல் போவதைப் பருத்திக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

எண்ணெய் முழுக்கப் போனதா என்று பார்க்க, பருத்தியானால் காயவைத்துவிட்டு ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கறை இருந்த இடமும் பக்கத்து இடமும் ஒரே வேகத்தில் குடித்தால் போய்விட்டது. கறை இடத்தில் மட்டும் சொட்டு சில விநாடி நின்றால் லிக்விடுக்கு இன்னொரு சுற்று. பாலியெஸ்டரில் இந்தச் சோதனை எடுபடாது, அங்கே சொட்டு எப்படியும் நிற்கும். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் உள்ள இடம் மற்ற இடத்தைவிடக் கண்ணாடி போல ஒளியை விடும்.

இனி நிறத்தின் கதை. துணி சோப்பைத் தேய்த்ததும் மஞ்சள் கறை இரத்தச் சிவப்பாக மாறுவதைப் பார்த்துப் பலர் பதறி நிறுத்திவிடுகிறார்கள். ஆலத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்ததும் சிவப்பதும் இதுவும் ஒன்றே. காரம் பட்டால் குர்குமின் சிவக்கும், புளிப்பு பட்டால் மறுபடி மஞ்சளாகும். எலுமிச்சையும் வினிகரும் சிவப்பைப் போக்குகின்றன என்பது உண்மை. ஆனால் கறை அப்படியே இருக்கும். உடை மட்டும் மாற்றிக்கொள்ளும். சிவந்தது நல்ல அறிகுறிதான். காரத்தில் குர்குமின் தண்ணீரில் கொஞ்சம் கரையத் தொடங்கும், சிதையவும் தொடங்கும். சிவந்த நிலையில் அலசும்போது தண்ணீர் செம்மஞ்சளாக ஓடுவதைப் பார்க்கலாம்.

இந்தச் சிவப்பைச் சோதனைக் கருவியாகவே வைத்துக்கொள்ளலாம். ஒரு டம்ளர் தண்ணீரில் அரை டீஸ்பூன் வாஷிங் சோடாவைக் கரைத்து, பஞ்சில் தொட்டு, எண்ணெய் எடுத்த கறை மேல் ஒற்றுங்கள். மல் துண்டில் ஒற்றிய இடம் சட்டென்று செம்பழுப்பாகும். லைனிங் துண்டில் மேலாகப் படிந்த மஞ்சள் சிவக்கும். ஆனால் சூடு பட்டு இழைக்குள் இறங்கிவிட்ட மஞ்சள் சிவக்கத் தயங்கும், மஞ்சளாகவே நிற்கும். சிவந்தால் தண்ணீர் அங்கே போய்ச் சேருகிறது என்று பொருள், தண்ணீரில் கலந்த மருந்தும் போய்ச் சேரும். சிவக்காமல் நின்றால் எண்ணெய் இன்னும் மூடியிருக்கிறது, இல்லாவிட்டால் நிறம் இழைக்குள் போய்விட்டது. துணி வெளுத்த மாதிரி தெரிந்த பிறகும் இந்தச் சோதனை உதவும். கண்ணுக்குப் படாத மஞ்சள்கூட இளஞ்சிவப்பாகக் காட்டிக்கொடுக்கும். பட்டிலும் கம்பளியிலும் வாஷிங் சோடா வேண்டாம், இழையைக் கெடுக்கும்.

பருத்தியில் குர்குமின் செல்லுலோஸைப் பிடித்துக்கொண்டு இழைக்குள் உட்கார்ந்திருக்கிறது. புதுத் துணியின் மூலையில் தொட்டு வைக்கும் மஞ்சள் எந்தக் கூட்டும் இல்லாமல் தானாகவே பிடித்துக்கொள்வது இதனால்தான். அதை வெளியே இழுப்பது கடினம். ஆனால் மருந்தும் உள்ளே போகும் என்பதால், இருந்த இடத்திலேயே அழித்துவிடலாம். அதற்கு ஏற்றது ஆக்சிஜன் பிளீச் பொடி, அதாவது சோடியம் பெர்கார்பனேட். கறை நீக்கும் பொடி என்று விற்கும் டப்பாக்கள் பலவற்றில் இதுதான் முக்கியப் பொருள். பின்பக்க எழுத்தில் பெயரைப் பார்த்து வாங்கலாம். தனிப் பெர்கார்பனேட் என்றால் 1 லிட்டர் தண்ணீருக்கு 1 மேசைக்கரண்டி. வெள்ளைப் பருத்தியானால் தண்ணீர் 60 டிகிரி, கை வைத்தால் தாங்காத சூடு. நிறமுள்ள பருத்தியானால் 40 டிகிரி, அதற்கும் முன்னால் உள்மடிப்பில் ஒரு சொட்டு விட்டு, கால்மணி நேரம் கழித்து வெள்ளைத் துணியால் ஒற்றி, சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்த பிறகே.

பெர்கார்பனேட் கரைசல் காரமானது, அதனால் மல் துண்டை முக்கியதும் கறை முதலில் செக்கச் சிவக்கும். அதோடு பொடியிலிருந்து நுரை நுரையாகக் குமிழி வரும். சிவப்பு ஆரஞ்சாகி, ஆரஞ்சு வெளிறி, ஒன்றிரண்டு மணி நேரத்தில் வெளிர்மஞ்சள் நிழலாகக் குறையும். குமிழி நின்ற பிறகு ஊறவைப்பதில் பயன் குறைவு. கறை மிச்சமிருந்தால் புதுக் கரைசல் போட வேண்டும். கலக்கிய கரைசலைப் பாட்டிலில் அடைத்து வைக்கக் கூடாது, வாயு சேர்ந்து வெடிக்கும்.

மீதி நிழலை வெயிலிடம் விடலாம். குர்குமினுக்கு வெளிச்சம் ஆகாது. மஞ்சள் பூசிய தாம்பூலப் பையோ, கல்யாணப் பத்திரிகையின் மூலையோ வெயிலில் கிடந்தால் வெளுப்பதைப் பார்த்திருப்போம். அலசிய துணியை ஈரத்தோடு, கறைப் பக்கம் மேலே தெரிய, நேர் வெயிலில் விரித்து, காயக் காயத் தண்ணீர் தெளித்தால் காலை 10 மணிக்குப் போட்டது பிற்பகலுக்குள் பெரும்பாலும் வெளுத்துவிடும். கறைப் பக்கம் உள்ளே மடிந்து கிடந்தால் வெயில் வீண். சாயம் போட்ட துணிக்கு இது கவனமாக வேண்டும், கறையோடு துணியின் நிறமும் போகலாம்.

பெர்கார்பனேட் கிடைக்காத ஊரில் மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். 6 சதவீதம் அல்லது 20 வால்யூம் என்று எழுதியிருக்கும். அதோடு சம அளவு தண்ணீர் சேர்த்து, ஒரு சொட்டுப் பாத்திர லிக்விடும் விட்டு, கறை மேல் ஒற்றி வெயிலில் வைக்க வேண்டும். பக்கத்தில் இரும்புக் கொக்கியோ துருப் புள்ளியோ இருந்தால் பெராக்சைடு வேண்டாம். இரும்பு அதைத் தூண்டிவிட்டு அந்த இடத்தில் பருத்தியே இற்றுப்போகும். அடுத்த துவைப்பில் ஓட்டையாக வெளியே தெரியும்.

குளோரின் பிளீச்சைக் கடைசி வழியாகவே வைத்துக்கொள்வது நல்லது. வெள்ளைப் பருத்திக்கு மட்டும், 1 லிட்டர் பச்சைத் தண்ணீரில் 2 டீஸ்பூன், 10 நிமிடம், பிறகு மூன்று தண்ணீர் அலசல். அதிக நேரம் விட்டால் கறை போவதோடு நூலின் பலமும் போகும். பிளீச் படும் பாத்திரத்தில் எலுமிச்சையோ வினிகரோ ஒருபோதும் சேரக் கூடாது, மூச்சை அடைக்கும் குளோரின் வாயு கிளம்பும். சிவப்பை மாற்ற வினிகர், பிறகு வெளுக்க பிளீச் என்று அடுத்தடுத்துச் செய்பவர்கள் இடையில் நன்றாக அலசாமல் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இப்போது லைனிங் துண்டு. இதே பெர்கார்பனேட் கரைசலில் இதையும் போட்டால் மேலே படிந்த மஞ்சள் போகும், இழைக்குள் இறங்கியது போகாது. மருந்து தண்ணீரில் வருகிறது, தண்ணீர் உள்ளே போகவில்லை. எனவே இங்கே அழிப்பதை விட்டுவிட்டு வெளியே இழுக்க வேண்டும். குர்குமினை இழுக்கக்கூடியது ஸ்பிரிட். மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட், அல்லது 70 சதவீதம் ஆல்கஹால் உள்ள திரவ சானிடைசர். ஜெல் சானிடைசர் வேண்டாம், அதிலுள்ள கூழ்ப்பொருள் துணியில் படலமாகக் காயும்.

பழைய வெள்ளைப் பருத்தித் துணி ஒன்றை நான்காக மடித்துத் தரையில் வையுங்கள். கறைப் பக்கம் கீழே படும்படி லைனிங் துண்டை அதன் மேல் விரியுங்கள். பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து, கறையின் பின்புறத்தில், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, அழுத்தி அழுத்தி ஒற்றுங்கள். தேய்க்க வேண்டாம். ஐந்தாறு ஒற்றலுக்குப் பிறகு தூக்கிப் பார்த்தால் கீழ்த்துணியில் கறையின் அச்சு மஞ்சளாக விழுந்திருக்கும். கீழ்த்துணியைச் சுத்தமான இடத்துக்கு நகர்த்தி மறுபடி ஒற்றினால் அடுத்த அச்சு வெளிறியிருக்கும், அதற்கடுத்தது இன்னும் வெளிறியிருக்கும். அச்சு விழுவது நிற்கும் வரை தொடரலாம். சின்னக் கறைக்கு 10 மில்லி ஸ்பிரிட்டுக்கு மேல் தேவைப்படாது. கீழே பருத்தித் துணியை வைப்பதற்குக் காரணம் உண்டு. ஸ்பிரிட்டையும் குடிக்கும், குர்குமினையும் பிடித்து வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டரின் பிடி தளர்ந்ததை அது வாங்கிக்கொள்கிறது. முடிந்ததும் பாத்திர லிக்விட் போட்டு 40 டிகிரி நீரில் அலசுங்கள். ஸ்பிரிட் சீக்கிரம் தீப்பிடிக்கும். அடுப்பங்கரையில் இந்த வேலை வேண்டாம், காற்றோட்டமும் வேண்டும். அசிடேட் துணியில் ஸ்பிரிட்டையும் நெயில் பாலிஷ் ரிமூவரையும் தவிர்க்க வேண்டும். ரிமூவரில் உள்ள அசிடோன் அந்தத் துணியையே கரைத்துவிடும்.

இதே ஸ்பிரிட்டைப் பருத்திக்கும் போடலாமே என்று தோன்றும். மல் துண்டில் செய்து பார்த்தால் விடை கிடைக்கும். மல் துணி ஸ்பிரிட்டைக் குடித்துச் சுற்றிலும் பரப்பும், கரைந்த மஞ்சள் அதோடு ஓடி, காய்ந்ததும் முதலில் இருந்ததைவிட அகலமான ஒரு வளையமாக நிற்கும். கீழே வைத்த துணியும் பருத்தி, மேலே இருப்பதும் பருத்தி. குர்குமினுக்கு இடம் மாறக் காரணம் எதுவும் இல்லை.

சூட்டைப் பற்றிச் சொன்னதற்கு வருவோம். பாலியெஸ்டர் இழைக்குள் மூலக்கூறுச் சங்கிலிகள் நெருக்கமாக இறுகியிருக்கின்றன. 70, 80 டிகிரியைத் தாண்டும்போது அவை அசையத் தொடங்கி, சின்ன மூலக்கூறுகளுக்கு வழி விடும். சாய ஆலைகளில் பாலியெஸ்டருக்கு நிறம் ஏற்றுவதும் இந்த வழியில்தான். அழுத்தக் கலனில் 130 டிகிரி வரை சூடாக்கி, தண்ணீரில் கரையாத சாயத்தை இழைக்குள் அனுப்புகிறார்கள். குர்குமினும் அதே குணமுள்ள சின்ன மூலக்கூறு. கொதிநீரை ஊற்றுவதும், கறை மிச்சமிருக்கும் சட்டையை இஸ்திரி போடுவதும், டிரையரில் போடுவதும் வீட்டிலேயே நடத்தும் சாயப்பட்டறை. ஆறியதும் கதவு மூடிக்கொள்ளும், மஞ்சள் உள்ளே மாட்டிக்கொள்ளும். பருத்தியில் கொதிநீர் ஊற்றி வெற்றி கண்டவர்கள் அதே பழக்கத்தில் பாலியெஸ்டர் புடவையைக் கெடுப்பது இப்படித்தான்.

அப்படி உள்ளே போனதற்கு ஸ்பிரிட்டும் பாதிதான் வேலை செய்யும். மீதிக்கு வெயில் ஒன்றே வழி, ஏனென்றால் வெளிச்சம் உள்ளே போகத் தண்ணீரின் உதவி வேண்டியதில்லை. ஒரே நாளில் முடியாது. நாலைந்து நாள் விரிக்க வேண்டியிருக்கும். நைலானுக்கு இந்த வழியும் ஒத்துவராது. அது பாலியெஸ்டரைவிட எளிதாக மஞ்சளை வாங்கிக்கொள்ளும், நீண்ட வெயிலில் பலமிழக்கும், குளோரின் பிளீச்சில் தானே மஞ்சளாகும். நைலானில் கொட்டினால் அந்த நாளே ஸ்பிரிட் ஒற்றுவது நல்லது. லைக்ரா கலந்த லெக்கிங்ஸிலும் குளோரின் படக் கூடாது, இழுவை போய்விடும்.

துணி எது என்று தெரியாவிட்டால், உள்தையலில் இருந்து இரண்டு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாக உதிரும், ரேயானும் அப்படியே. பாலியெஸ்டர் தீயைக் கண்டு சுருங்கி உருகும், கரும்புகை விடும், ஆறியதும் கறுப்பான கெட்டி மணியாக நிற்கும். எரிந்து சாம்பலும் ஓரத்தில் மணியும் சேர்ந்து வந்தால் கலப்பு. தைத்த நூல் பெரும்பாலும் பாலியெஸ்டராகவே இருக்கும், அதை உருவிச் சோதித்து ஏமாற வேண்டாம். துணியின் நூலையே எடுக்க வேண்டும்.

தொடக்கத்தில் சொன்ன சட்டை அநேகமாக டெரிகாட்டனாக இருக்கும். பாலியெஸ்டர் 65, பருத்தி 35 என்பது வழக்கமான கலவை. ஒரே நூலுக்குள் இரண்டு இழையும் முறுக்கிக் கிடப்பதால் இரண்டு வேலையும் தேவை, வரிசையும் முக்கியம். சட்டைப் பையின் கறையை எடுத்துக்கொள்வோம். கொட்டி இரண்டு நாளாயிற்று, ஒருமுறை பச்சைத் தண்ணீரில் துவைத்தாயிற்று, இஸ்திரி போடவில்லை. முதலில் பையின் கீழ்த்தையலைப் பிரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு அடுக்குத் துணியில் கறை மாறி மாறி ஒட்டும். பாத்திர லிக்விட் நேராக விட்டு அரைமணி நேரம், டூத்பிரஷ், 40 டிகிரி நீரில் அலசல். நிழலில் காயவைத்து வெளிச்சத்தில் பார்த்தால் எண்ணெய்ப் பளபளப்பு ஓரத்தில் இன்னும் இருக்கும்; இன்னொரு சுற்று லிக்விட். முழுக்கக் காய்ந்த பிறகு, ஈரத்தில் அல்ல, பின்புறத்திலிருந்து ஸ்பிரிட் ஒற்றல். ஈரத் துணியில் ஸ்பிரிட் நீர்த்துப்போய் குர்குமினைக் கரைக்கும் பலத்தை இழக்கும். இப்போது பாலியெஸ்டரில் இருந்தது கீழ்த்துணிக்கும் கொஞ்சம் சட்டையின் சொந்தப் பருத்தி இழைகளுக்கும் போயிருக்கும். சட்டையில் வெளிறிய மஞ்சள் வளையம் தெரியும். அது எதிர்பார்த்ததுதான்.

அடுத்து 40 டிகிரியில் பெர்கார்பனேட் கரைசல், இரண்டு மணி நேரம். வளையம் சிவக்கும், பிறகு வெளுக்கும். பருத்திப் பங்கில் இருந்தது அங்கே அழியும். வரிசையை மாற்றி, பெர்கார்பனேட்டை முதலில் போட்டு ஸ்பிரிட்டைப் பிறகு ஒற்றினால், வெளுத்த பருத்திக்குள் பாலியெஸ்டரின் மஞ்சள் புதிதாகக் குடியேறும், வேலை இரட்டிப்பாகும். அலசியதும் பையின் ஓரத்தில் வாஷிங் சோடாக் கரைசலைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சிவப்பு எழுந்தால் இன்னொரு ஊறல். எழாமல் வெளிர்மஞ்சள் மட்டும் நின்றால் ஸ்பிரிட்டுக்குத் திரும்ப வேண்டும். இரண்டும் இல்லையென்றால் ஒருநாள் வெயிலில் போட்டுவிட்டுப் பையைத் தைக்கலாம். இஸ்திரிப் பெட்டி அதற்குப் பிறகுதான்.

பல மாதம் பெட்டியில் கிடந்த கறை வேறு வகை. சூரியகாந்தி, நல்லெண்ணெய் போன்றவை காற்றுபட்டு மெதுவாகப் பிசினாக இறுகும், பழுப்பேறும். மஞ்சள் முழுக்க வெளுத்த பிறகும் நிற்கும் பழுப்பு இதுதான். சோடா பட்டாலும் சிவக்காது. பருத்தியில் 60 டிகிரி நீரில் 1 லிட்டருக்கு 1 மேசைக்கரண்டி வாஷிங் சோடாவும் ஒரு டீஸ்பூன் பாத்திர லிக்விடும் கலந்து ராத்திரி முழுக்க ஊறவைத்தால் பெரும்பாலும் இளகும். பாலியெஸ்டரில் அந்தச் சூடு கொடுக்க முடியாது. லிக்விடைக் கறை மேல் தடவி, பாலித்தீன் தாளால் மூடி, காயாமல் ஒருநாள் விட்டுப் பிரஷ் போடுவதை இரண்டு மூன்று முறை செய்யலாம். அதற்கும் இளகாதது பிறகு எதற்கும் இளகாது. பட்டுப் புடவையானால் பவுடர் தூவி எண்ணெயை உறிஞ்சவிட்டதோடு நிறுத்தி, டிரை கிளீனிங் கடையில் கொடுக்கும்போது இது எண்ணெயும் மஞ்சளும் கலந்த கறை, எப்போது கொட்டியது, தண்ணீர் பட்டதா என்பதைச் சொல்லிக் கொடுங்கள்.